அட்டவணையில் விடுபடும் கட்டங்கள்: ஒரு நிகழ்தகவு வகுப்பும் ஏழு பரவல்களும்

மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிறேன். நிகழ்தகவுப் பரவல்களைப் பற்றிய வகுப்பு முடிந்ததும், கேட்டவற்றை ஒரே பக்கத்தில் ஒப்பீட்டு அட்டவணையாக எழுதி வரச் சொல்வது என் வழக்கம். ஏறக்குறைய எல்லோருடைய தாளிலும் நான்கு பத்திகள் இருக்கும்: பரவலின் பெயர், சூத்திரம், சராசரி, பரவற்படி. எழுதியவற்றில் பிழை இருக்காது. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, கையில் உள்ள ஒரு கணக்குக்கு எந்த வரிசையை எடுப்பது என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். அந்த முடிவை எடுப்பதற்கு வேண்டிய செய்திகள் வகுப்பில் பேச்சாக வந்தவை. "இங்கே விதைகளின் எண்ணிக்கை முன்பே தீர்மானமாகிவிட்டது", "இது ஒன்றையொன்று பாதிக்காவிட்டால்தான்" என்று போகிற போக்கில் சொன்னவை. கரும்பலகையில் ஏறியது சூத்திரம் மட்டும் என்பதால் அட்டவணையிலும் சூத்திரம் மட்டுமே ஏறுகிறது.

ஆகவே அட்டவணையின் முதல் பத்தி, பெயருக்கு அடுத்ததாக, "எது நிலையானது, எது மாறுவது" என்பதாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். இதற்குக் குறுவைக்கு முன் எல்லோர் வீட்டிலும் நடக்கிற முளைப்புச் சோதனையே போதும். ஈரச் சாக்கில் நூறு நெல் விதைகளை வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வைத்து, சில நாள் கழித்து எண்ணுகிறோம். ஒவ்வொரு விதையும் முளைக்கும் வாய்ப்பு 0.9 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு விதையை எடுத்து முளைத்ததா இல்லையா என்று பார்த்தால் அது பெர்னூலி. நூறில் எத்தனை முளைத்தன என்று கேட்டால் ஈருறுப்புப் பரவல். அங்கே நூறு என்பது நிலையானது, முளைத்தவற்றின் எண்ணிக்கை மாறுவது. அதே சாக்கில் முதல் விதையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், முளைக்காத விதை முதன்முதலாக எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று கேட்டால், இப்போது நிலையாக இருப்பது "ஒரு முளைக்காத விதை" என்ற இலக்கு. பார்த்த விதைகளின் எண்ணிக்கையே மாறுகிறது. இது பெருக்குப் பரவல். வகுப்பில் ஜியோமெட்ரிக் என்றே சொல்கிறோம். சாக்கும் ஒன்றுதான், விதையும் ஒன்றுதான்; கேள்வி மாறியதும் வரிசை மாறுகிறது.

பாய்சான் பரவலில் முயற்சிகளின் எண்ணிக்கை என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோ விதை நெல்லில் கலந்துவிட்ட பிற ரக விதைகள் எத்தனை, ஒரு மணி நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு வந்த டிராக்டர்கள் எத்தனை என்பன போன்ற கேள்விகள் அதற்குரியவை. நிலையாக இருப்பது ஓர் எடை, ஒரு நேரம் அல்லது ஒரு பரப்பு. ஆனாலும் ஈருறுப்புக்கும் இதற்கும் உறவு உண்டு. ஆயிரம் விதைகளில் ஒவ்வொன்றும் கலப்பு விதையாக இருக்கும் வாய்ப்பு 0.002 என்றால், ஒரு கலப்பு விதைகூட இல்லாமல் போகும் நிகழ்தகவு ஈருறுப்பின்படி 0.1351, சராசரி 2 கொண்ட பாய்சானின்படி 0.1353. வகுப்பில் இந்த உறவை எல்லைக் கணக்காகப் பத்து நிமிடம் நிறுவுகிறோம். அட்டவணையில் வரிசைகளுக்கு நடுவே ஒரு கோடு விழுந்ததும் உறவு மறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு வரிசையிலும் "எதிலிருந்து வந்தது" என்று இரண்டு சொல்லாவது எழுதச் சொல்கிறேன்.

அடுத்தது பண்பளவைப் பத்தி, அதாவது சூத்திரத்துக்குள் நாம் கொடுக்க வேண்டிய எண்கள். தேர்வில் மதிப்பெண் போவதும் கணினியில் விடை தவறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெருக்குப் பரவலையே எடுத்துக்கொண்டால், முளைக்காத விதையின் வாய்ப்பு p = 0.1 என்னும்போது ஒரு மாணவி சராசரி 10 என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவன் 9 என்று எழுதினான். இருவரும் வாதாடிவிட்டு என்னிடம் வந்தபோது அவள் கேட்ட கேள்வி சரியான இடத்தைத் தொட்டது: "சார், இது அந்த முளைக்காத விதையையும் சேர்த்து எண்ணச் சொல்லுதா, அதுக்கு முன்னாடி வரைக்கும் மட்டும் எண்ணச் சொல்லுதா?" சேர்த்து எண்ணினால் சராசரி 1/p, அதாவது 10. அதற்கு முன் முளைத்தவற்றை மட்டும் எண்ணினால் (1−p)/p, அதாவது 9. இரண்டுக்கும் பரவற்படி 90தான், ஏனென்றால் எல்லா மதிப்புகளும் ஒன்று நகர்ந்திருக்கின்றன, அவ்வளவே. R மொழியின் `dgeom` முந்தையவற்றை மட்டும் எண்ணுகிறது. பைத்தானின் `scipy.stats.geom` அந்த விதையையும் சேர்த்து எண்ணுகிறது. அட்டவணையில் "p" என்று மட்டும் எழுதியிருந்தால் எது எந்த வழக்கம் என்று பிறகு தெரியாது. மதிப்புகள் 0-வில் தொடங்குகின்றனவா 1-இல் தொடங்குகின்றனவா என்று கூடவே எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்தது.

அடுக்குக்குறிப் பரவலில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கொள்முதல் நிலையத்துக்கு மணிக்கு 3 டிராக்டர் வருகிறது என்றால், அடுத்தடுத்த இரண்டு வரவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் சராசரி 20 நிமிடம். சிலர் பண்பளவையாக வீதத்தை எழுதுவார்கள், சிலர் சராசரி இடைவெளியை எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பத்து நிமிடத்துக்குள் அடுத்த டிராக்டர் வந்துவிடும் நிகழ்தகவை மூன்று இடங்களில் இப்படிக் கேட்க வேண்டும்:

```
R:       pexp(10, rate = 1/20)
Python:  scipy.stats.expon.cdf(10, scale=20)
Excel:   EXPON.DIST(10, 1/20, TRUE)
```

மூன்றுக்கும் விடை 0.3935. வீதம் கேட்கும் இடத்தில் 20 என்று போட்டால் விடை 1 என்று வந்து நிற்கும். மணிக்கு 3 என்ற வீதத்தையும் 10 நிமிடத்தையும் அலகு மாற்றாமல் சேர்த்துப் போட்டாலும் ஏறக்குறைய 1தான் வரும். பத்து நிமிடத்துக்குள் உறுதியாக ஒரு டிராக்டர் வரும் என்றால், சராசரி இடைவெளி எப்படி இருபது நிமிடமாக இருக்க முடியும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் தவறு பிடிபட்டுவிடும். எனவே வீதம் என்றால் அலகோடு, "நிமிடத்துக்கு 1/20" என்று முழுதாக எழுதுவதே நல்லது. இயல்நிலைப் பரவலிலும் இதே வகைத் தவறு உண்டு. நெல் மூட்டையின் எடையைக் கரும்பலகையில் N(40, 0.04) என்று எழுதும்போது இரண்டாவது எண் பரவற்படி, கணினி கேட்பதோ திட்ட விலக்கம், அதாவது 0.2. எடை 39.8 கிலோவுக்குக் கீழே போகும் நிகழ்தகவு உண்மையில் 0.16 அளவு. 0.04 என்பதையே திட்ட விலக்கமாகக் கொடுத்துவிட்டால் அது ஐந்து திட்ட விலக்கம் தள்ளிப் போய், பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை என்று விடை வரும்.

வடிவப் பத்தியில் "மணி வடிவம்", "வலப்பக்க வால்" என்று ஒரு சொல்லில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. பல பரவல்களுக்கு வடிவம் பண்பளவையைப் பொறுத்தது. நூறு விதைகளில் முளைப்பு 0.9 என்றால் சராசரி 90, திட்ட விலக்கம் 3. படம் வரைந்தால் கிட்டத்தட்ட மணி வடிவம்தான். அதே விதையில் பத்தை மட்டும் சோதித்தால் பத்தும் முளைக்கும் வாய்ப்பு 0.35, ஒன்பது முளைக்கும் வாய்ப்பு 0.39, எட்டுக்கு 0.19, வலது ஓரத்தில் சுவரில் முட்டியது போல நின்று, வால் இடப்பக்கம் நீள்கிறது. இதற்கு இயல்நிலை வளைவைப் பொருத்தினால் அது இல்லாத பதினோராவது விதைக்கும் இடம் ஒதுக்கும். விதைகள் n, முளைக்கும் வாய்ப்பு p என்றால், np, n(1−p) ஆகிய இரண்டில் எது சிறியதோ அது குறைந்தது ஐந்தோ பத்தோ இருக்க வேண்டும் என்ற நடைமுறை விதி இந்தச் சுவரைப் பற்றியதுதான்: பத்து விதைகளில் n(1−p) வெறும் 1.

இப்போது "எங்கே பயன்படும்" என்ற பத்தி. பாடநூல்களில் இது பட்டியலாக இருக்கும். மாணவர்களும் "பாய்சான்: அரிய நிகழ்வுகள்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, அதனருகே "எப்போது உடையும், உடைந்தது எப்படித் தெரியும்" என்ற செய்தி இல்லாவிட்டால் அந்தப் பத்தியால் பயன் குறைவு. அதற்கான சோதனையும் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. எண்ணிக்கைப் பரவல்களில் சராசரியையும் பரவற்படியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், ஈருறுப்பில் பரவற்படி சராசரியைவிடக் குறைவு, பாய்சானில் இரண்டும் சமம், எதிர்மறை ஈருறுப்பில் பரவற்படி அதிகம். கையில் உள்ள எண்ணிக்கைகளுக்கு இந்த இரண்டையும் கணக்கிட்டாலே எந்த வரிசைக்கு அருகில் நிற்கிறோம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

பாய்சான் பொருந்துவது எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. போர்ட்கீவிச் என்பவர் 1898-இல் வெளியிட்ட கணக்கு அது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை, பத்துப் படைப்பிரிவுகளுக்கு இருபது ஆண்டுகள் என 200 பதிவுகளாக வைத்துப் பார்த்தால், 109 பதிவுகளில் ஒருவரும் இறக்கவில்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒரே ஒரு பதிவில் நால்வர். மொத்தம் 122 சாவுகள், சராசரி 0.61, பரவற்படியும் 0.61. பாய்சான் சூத்திரம் சாவு இல்லாத பதிவுகள் 108.7 இருக்க வேண்டும் என்கிறது, இருந்தவை 109. ஒரு படைப்பிரிவில் ஒரு குதிரை உதைத்ததால் இன்னொரு குதிரை உதைக்கப் போவதில்லை என்பதே இந்தப் பொருத்தத்தின் அடிப்படை.

அதையே நம் வயலுக்குக் கொண்டுவந்தால் கதை மாறுகிறது. சம்பாப் பயிரில் புகையான் பூச்சியை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து, இருபது குத்துகளின் அடித்தண்டைப் பிரித்துப் பூச்சிகளை எண்ணுகிறோம். கணக்குக்காக நான் வகுப்பில் கொடுக்கும் எண்கள் இவை: 0, 0, 0, 1, 0, 2, 0, 0, 7, 1, 0, 0, 3, 0, 12, 0, 1, 0, 0, 5. மொத்தம் 32 பூச்சிகள், குத்துக்குச் சராசரி 1.6. "அரிய நிகழ்வு, நிலையான பரப்பில் எண்ணிக்கை" என்று பார்த்ததும் மாணவர்கள் பாய்சான் என்று எழுதிவிடுகிறார்கள். அட்டவணையின் பட்டியல் அப்படித்தான் சொல்கிறது.

பரவற்படியைக் கணக்கிட்டால் 9.62 வருகிறது. சராசரியைப் போல ஆறு மடங்கு. இதைவிடத் தெளிவான தடயம் சுழியங்களில் இருக்கிறது. சராசரி 1.6 கொண்ட பாய்சானில் ஒரு குத்தில் பூச்சியே இல்லாமல் இருக்கும் நிகழ்தகவு 0.20, அதாவது இருபதில் நான்கு குத்துகள். நம் கையில் இருப்பவை பன்னிரண்டு. மறுபக்கம், ஒரே குத்தில் 12 பூச்சிகளோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு பாய்சானின்படி கோடியில் ஒன்று என்ற அளவு. இருபது குத்துகளுக்குள் அது வந்துவிட்டது. வெறுமையும் அதிகம், நெரிசலும் அதிகம். இதற்குக் காரணம் சூத்திரத்தில் இல்லை, பூச்சியின் வாழ்க்கையில் இருக்கிறது. இறகுள்ள தாய்ப்பூச்சி ஒரு குத்தில் இறங்கி அங்கேயே முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் பெரும்பாலும் அந்தக் குத்தையும் பக்கத்துக் குத்துகளையும் விட்டுத் தொலைவு போவதில்லை. ஒரு பூச்சி இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. புகையான் தாக்கிய வயல் முழுதும் ஒரே சீராகக் காயாமல், வட்ட வட்டமாகத் திட்டுத்திட்டாகக் காய்வதை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பரவற்படி கண்ணால் பார்த்த செய்திதான்.

குத்துக்குக் குத்து பாய்சானின் சராசரியே மாறுகிறது என்றும், அந்த மாற்றம் காமாப் பரவலின்படி அமைகிறது என்றும் எடுத்துக்கொண்டால், கிடைப்பது எதிர்மறை ஈருறுப்புப் பரவல். அதற்குச் சராசரியோடு, திரள்வின் அளவைச் சொல்லும் k என்ற இன்னொரு பண்பளவை உண்டு. k சிறியதாக இருந்தால் திரள்வு அதிகம், மிகப் பெரியதானால் மீண்டும் பாய்சான். தோராய மதிப்பீடு எளிது: சராசரியின் வர்க்கத்தை, பரவற்படியிலிருந்து சராசரியைக் கழித்த மீதியால் வகுக்க வேண்டும். 2.56-ஐ 8.02-ஆல் வகுத்தால் 0.32. இதைக் கொண்டு பூச்சியில்லாத குத்தின் நிகழ்தகவைக் கணக்கிட்டால் 0.56, அதாவது இருபதில் பதினொன்றுக்குச் சற்று மேல். எண்ணியது பன்னிரண்டு. இருபதே குத்துகளில் k-இன் மதிப்பு உறுதியானதல்ல. வேறொரு மூலையிலிருந்து நடந்திருந்தால் கணிசமாக மாறியிருக்கும். ஆனால் பாய்சான் இல்லை என்பதற்கு இந்த இருபதே போதும்.

இந்தத் தவறின் விளைவு வயலில் தெரியும். திரள்வு உள்ள இடத்தில் ஐந்தாறு குத்துகளை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுப் பூச்சி இல்லை என்று திரும்புவது எளிது. இந்தக் கணக்கில் ஐந்து குத்துகளும் வெறுமையாக இருக்கும் வாய்ப்பு எதிர்மறை ஈருறுப்பின்படி 0.06, பாய்சானை நம்பியவர் அதை மூவாயிரத்தில் ஒன்று என்று நினைத்திருப்பார். அந்த ஐந்தும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். குறுக்காக வயல் முழுதும் நடப்பதன் காரணம் அதுவே.

இதே உடைசல் ஈருறுப்பிலும் உண்டு. விதைப் பரிசோதனையில் நானூறு விதைகளை நான்கு நூறுகளாகப் பிரித்து வைப்பார்கள். நெல்லுக்குக் குறைந்த அளவு முளைப்புத்திறன் 80 விழுக்காடு. சராசரி 90 என்றால் ஒவ்வொரு நூறின் திட்ட விலக்கமும் 3. நான்கில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே ஆறு ஏழு வேறுபாடு இயல்பானது. ஒன்றில் 78-உம் இன்னொன்றில் 96-உம் வந்தால், ஒரு தட்டில் பூஞ்சை ஒரு விதையிலிருந்து அடுத்ததற்குப் பரவியதா, ஈரம் சீராக இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்ற நிபந்தனை உடைந்திருக்கக்கூடும்.

இவ்வளவையும் வைத்து வகுப்பில் திருத்தி எழுதிய அட்டவணை இது. எதிர்மறை ஈருறுப்பு அன்றைய வகுப்பில் நடத்தப்படவில்லை. ஆனாலும் அந்த வரிசை இல்லாமல் பாய்சானின் கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை.

| பரவல் | நிலையானது / மாறுவது | பண்பளவை | வடிவம் | சராசரி. பரவற்படி | பயன். உடையும் இடம் |
|---|---|---|---|---|---|
| ஈருறுப்பு | முயற்சி n / வெற்றிகள் 0…n | n, p | p=0.5 எனில் சமச்சீர். ஓரங்களில் சாயும் | np. np(1−p) | முளைத்த விதைகள். ஒன்றையொன்று பாதித்தால் உடையும் |
| பெருக்கு | முதல் வெற்றி / முயற்சிகள் 1, 2, … | p | முதலில் உயரம், பின் தொடர் இறக்கம் | 1/p. (1−p)/p² | முதல் பழுது வரை எண்ணுதல். p மாறினால் உடையும் |
| பாய்சான் (ஈருறுப்பின் எல்லை) | பரப்பு, நேரம் / எண்ணிக்கை 0, 1, … | λ | சிறிய λ-வில் வலப்பக்க வால் | λ. λ | கலப்பு விதை. திரள்வு இருந்தால் உடையும் |
| எதிர்மறை ஈருறுப்பு (பாய்சானும் காமாவும்) | பரப்பு / எண்ணிக்கை 0, 1, … | m, k | சுழியங்கள் மிகுதி, நீண்ட வால் | m. m+m²/k | பூச்சி எண்ணிக்கை. சிறு மாதிரியில் k நிலையற்றது |
| அடுக்குக்குறி (பாய்சானின் இடைவெளி) | வீதம் / காத்திருக்கும் நேரம் | λ, அலகோடு | 0-வில் உச்சம், தொடர் இறக்கம் | 1/λ. 1/λ² | வரவுகளுக்கு இடைப்பட்ட நேரம். காலை நெரிசலில் வீதம் மாறினால் உடையும் |
| இயல்நிலை (பலவற்றின் கூட்டு) | – / எந்த எண்ணும் | μ, σ | சமச்சீர் மணி | μ. σ² | மூட்டை எடை. ஓர் எல்லைக்கு அருகில் உடையும் |
| காமா | – / 0-க்கு மேற்பட்ட எண் | வடிவம் a, அளவு b | a ≤ 1 எனில் தொடர் இறக்கம். a பெரிதானால் மணி | ab. ab² | மழை பெய்த நாளின் அளவு. சுழியங்களை ஏற்காது |

கடைசி வரிசையில்தான் விவாதம் நீண்டது. ஐப்பசி, கார்த்திகை மழையை நாள்வாரியாக எழுதினால் பல நாள்கள் சுழியமாகவே இருக்கும். காமாவின் அடர்த்தியில் சரியாகச் சுழியம் என்ற மதிப்புக்கு நிகழ்தகவே கிடையாது. ஆகவே மழை வந்ததா இல்லையா என்பதைப் பெர்னூலியாகவும், வந்த நாளில் எவ்வளவு என்பதைக் காமாவாகவும் பிரித்தோம். அப்படியானால் மாதத்தின் மழை நாள்களை ஈருறுப்பாக எண்ணலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானால் மூன்று நான்கு நாள் சேர்ந்தே மழை வரும் என்று பின்வரிசையில் இருந்த வேதாரண்யத்துப் பையன் பதில் சொன்னான். ஈருறுப்பு வரிசையின் கடைசிக் கட்டத்தில், "ஒன்றையொன்று பாதித்தால்" என்பதற்கு அருகில், எல்லோரும் "மழை நாள்கள்" என்று எழுதிக்கொண்டார்கள்.